வர இயலாமைக்கு வருந்தி

அவர் கல்கத்தாவில் இருந்த காலம் முழுவதும் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. ஆனாலும் கும்பகோணத்துப் பக்கம் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது அவரைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசுவார்கள். எப்போதாவது லீவு கிடைத்து நேரில் போய்த் தலையைக் காட்டி, பாயசத்தில் ஏலக்காய் போதவில்லை என்று சொல்லிவிட்டு வந்த என்னை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இந்த அநியாயத்தை நினைத்துப் பல நாள் பொருமியிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சணல் கம்பெனியில் குமாஸ்தாக்கள். அவர் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். பவானிப்பூரில் ஒரு சந்து வீட்டில் அவரும் அவர் மனைவியும் மாடியில் குடியிருந்தார்கள், நானும் என் மனைவியும் கீழே. வீட்டுக்காரி ஒரு வங்காள அம்மாள். வீட்டின் பக்கத்துப் பகுதியில் இருந்துகொண்டு எங்கள் இரண்டு குடும்பத்தையும் மேய்த்து வந்தாள். இப்போது லேக் மார்க்கெட்டில் கொத்தமல்லியும் முருங்கைக்காயும் குவித்து விற்கிறார்கள். அந்த நாளில் அந்தப் பக்கம் போனால் குளமும் வயலும்தான். தமிழ்க் குரல் கேட்க வேண்டுமானால் நாங்கள் எங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டும்.

தை பிறந்துவிட்டால் தபால் பியூன் எங்கள் சந்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதாசிகளைக் கொண்டுவர ஆரம்பித்துவிடுவான். கம்பெனியில் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு கிடைத்தால் அதுவே பெரிய காரியம். ஹௌராவில் ஏறினால் மதராஸ் சேர இரண்டு ராத்திரி, அங்கிருந்து கும்பகோணத்துக்கு இன்னொரு ராத்திரி, பிறகு மாட்டு வண்டி. போக நாலு நாள், வர நாலு நாள். கல்யாணமோ நாலு நாள் கல்யாணம். இந்தக் கணக்கு எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். நாங்கள் மற்றவர்களெல்லாம் பத்திரிகையைப் படித்துவிட்டுச் சுவரில் செருகிவிடுவோம். முகூர்த்தம் தாண்டி ஒரு மாதம் கழித்து, வர முடியாமல் போய்விட்டது என்று ஒரு கார்டு போடுவோம். பலர் அதுவும் போடுவதில்லை.

அவர் அப்படியில்லை. கை காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து பத்திரிகையை இரண்டு தரம் படிப்பார். பெண் பெயர், பிள்ளை பெயர், முகூர்த்த நாள், லக்கினம் எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்வார். அன்று சாயங்காலமே பதில் போய்விடும். கார்டில் எழுத மாட்டார், உறையில் போட்ட கடிதம்தான். மேலே பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். பத்திரிகையில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறாரோ அவர் பெயருக்கே எழுதுவார். நமக்குப் பழக்கமானவர் மாப்பிள்ளைதான் என்றாலும் வீட்டுப் பெரியவரைத் தாண்டி எழுதக் கூடாது என்பார்.

கடிதத்துக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. முதலில் சந்தோஷம், அப்புறம் ஞாபகம் வைத்து அழைத்ததற்கு நன்றி. அதற்குப் பிறகுதான் வர முடியாத வருத்தம், அதற்குக் காரணம் ஒரே வரி. கடைசியில் தம்பதிகளுக்கு ஆசீர்வாதம். கடிதம் ஆசீர்வாதத்தில் முடிய வேண்டும், கல்யாண வீட்டில் உரக்கப் படிக்கிறவன் வாயில் கடைசியாக நிற்பது நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. ஜுரம், கஷ்டம், நஷ்டம் என்ற சொற்கள் அதில் வரவே கூடாது. கூடவே, தம்பதிகள் ஒரு தரம் கங்கா ஸ்நானத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்க வேண்டும் என்று ஒரு வரி. அதை உபசாரத்துக்கு எழுதினதாக நினைத்திருந்தேன். கயாவுக்குப் போகிற வழியில் நிஜமாகவே ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். மன்னி, அதாவது அவர் மனைவி, சிரித்துக்கொண்டே மறுபடி உலை வைப்பாள். இவர் ஒரு கல்யாணத்துக்கும் போக மாட்டார், எல்லாக் கல்யாணமும் இங்கே வந்துவிடும் என்பாள்.

இந்த விஷயத்தில் நான் ஒரு தரம் நன்றாக மாட்டிக்கொண்டேன். என் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு, எப்படியாவது வரப் பார்க்கிறேன் என்று எழுதிப் போட்டேன். வரப்போவதில்லை என்று எனக்கே தெரியும். முடியாது என்று எழுத மனசு வராமல் அப்படி எழுதினேன். பெரியப்பா என்னை நம்பி இரண்டு நாள் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பியிருக்கிறார். கல்யாண வேலைக்கு ஆள் போதாத சமயத்தில் வண்டியும் வண்டிக்காரனும் ஒவ்வொரு ரயிலுக்கும் காத்துக் கிடந்திருக்கிறார்கள். இது மாடியில் இருந்தவர் காதில் விழுந்தது.

“முடியாதுன்னு சொல்றது மரியாதைக் குறைவுன்னு நினைச்சீர். அவா இலை போட்டுக் காத்துண்டிருந்தாளே, அது மரியாதையா ஓய்?” என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்து ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசாவிட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் டிராமில் பொழுது போகவில்லை.

தந்தி விஷயம் இன்னொன்று. காளிகாட்டில் இருந்த நம்மவர் ஒருவர், பாங்கியில் பெரிய வேலை, தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாமல் முகூர்த்தத்தன்று வாழ்த்துத் தந்தி கொடுத்தார். கிராமத்தில் தந்தி என்றால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். சேவகன் வாசலில் நின்றதுமே உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துவிட்டார்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த வாத்தியாரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்து, அது ஆசீர்வாதம் என்று தெரிவதற்குள் முகூர்த்தத்தில் பாதி போய்விட்டது. நாங்கள் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தம் கடிதங்களில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: முகூர்த்தத்தன்று காலையில் தந்தி வரும், அது ஆசீர்வாதத் தந்தி, யாரும் பயப்பட வேண்டாம்.

கல்கத்தாவில் நம்மவர்கள் கூடி நடத்திய சங்கத்துக்காரர்கள் மெதுவாகத் தங்கள் கடிதங்களையும் அவரிடமே கொண்டுவர ஆரம்பித்தார்கள். வருந்துகிறேன் ஐயர் என்று ஒரு பட்டமும் கொடுத்தார்கள். அதை ஆரம்பித்து வைத்தவன் நான்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். பொய் மட்டும் எழுத மாட்டார். பங்காளிச் சண்டையில் ஒருவருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக இஷ்டமில்லை. ஜுரம் என்று எழுதும்படி சொன்னார். இவர் மாட்டேன் என்றார். பிரயாணம் இப்போது சாத்தியமில்லை என்று மட்டும் எழுதிக் காரணத்தை விட்டுவிட்டார். வந்தவர் போன பிறகு என்னிடம் வருத்தப்பட்டார். காரணம் இல்லாமல் எழுதுவது அந்நியருக்குச் சரி, சொந்தக்காரருக்கு எழுதினால் முகத்தில் கதவைச் சாத்தினது போலத்தான் என்றார்.

அவருக்குக் கூடப்பிறந்தவள் என்று இருந்தது ஒரே அக்கா. தாயில்லாத பிள்ளையை வளர்த்தவள் அவள்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அன்று படித்த எழுத்தை இவர் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பாராம். அந்த அக்காவின் பெண்ணுக்கு ஒரு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் இவர் ஒருவர்தான். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டியவர். வருகிறேன் என்று எழுதிவிட்டார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக லீவு கேட்டார். கம்பெனித் துரை காகிதத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். டாக்காப் புடவை வாங்கி வந்து, எங்கள் இரண்டு வீட்டுப் பெண்களும் பார்க்கும்படி கட்டிலின் மேல் விரித்துப் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

புறப்பட மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள் காலையில் வீட்டுக்காரி அம்மாள் மாடியிலிருந்து ஓடி வந்து டாக்டர் பாபுவைக் கூப்பிடச் சொன்னாள். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, மன்னிக்கு ஐந்தாம் மாதம். முன்னால் இரண்டு தரம் உண்டாகி, ஊருக்கெல்லாம் எழுதி, சீர்வரிசை பட்சணமெல்லாம் வந்த பிறகு இரண்டு தரமும் நிற்காமல் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று மன்னி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கக் கூடாது, பிரசவம் வரைக்கும் படுத்தபடியே இருக்க வேண்டும், அப்படியும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்.

அவள் இவரைப் போகச் சொல்லி மன்றாடினாள். வீட்டுக்காரி அம்மாள் இருக்கிறாள், என் மனைவி இருக்கிறாள், கல்யாணத்துக்குப் போய்விட்டு வாருங்கள் என்று அழுதாள். அவர் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். பாக்கி இருந்தது கடிதம்.

எத்தனையோ பேருக்கு ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தவர் அன்று நாலு காகிதத்தைக் கிழித்துப் போட்டார். ஐந்தாவதை என்னிடம் நீட்டினார். இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு ஏறக்குறைய வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

‘உ. க்ஷேமம். அத்திம்பேர் அவர்களுக்கும் அக்காவுக்கும் அநேக நமஸ்காரம். குழந்தையின் விவாகம் நிச்சயமான நாள் முதல் நாங்கள் இருவரும் ஆனந்தத்தில் இருக்கிறோம். முதல் பத்திரிகையை எனக்கே அனுப்பியதற்கு என்றும் நன்றியுள்ளவன். வருவதாக முன்பு எழுதியிருந்தேன். இப்போது பிரயாணம் சாத்தியமில்லாமல் ஆகிவிட்டது. இதற்காக நான் படுகிற வருத்தம் எழுதி முடியாது. ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்ப வேண்டாம். மாலை மாற்றும்போது என் ஸ்தானத்தில் சித்தப்பா பிள்ளை நிற்கும்படி அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கூறைப் புடவையோடு வைக்க ஒரு புடவை ரிஜிஸ்டர் பார்சலில் வருகிறது. முகூர்த்தத்தன்று காலை வருவது ஆசீர்வாதத் தந்தி, பயப்பட வேண்டாம். தம்பதிகள் சகல சௌபாக்கியங்களுடன் தீர்க்காயுளாக வாழ எங்கள் இருவருடைய பரிபூரண ஆசீர்வாதம்.’

படித்துவிட்டு, காரணம் எங்கே என்று கேட்டேன். எழுதுவதற்கில்லை என்றார். லீவு கிடைக்கவில்லை என்று எழுதினால் என்ன, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன். துரை லீவு கொடுத்துவிட்டானே என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்பேர்ப்பட்ட நேரத்தில் கூட அரிச்சந்திரனாக இருக்க வேண்டுமா என்று கத்தினேன். அவர் மஞ்சளைக் குழைத்து மூலைகளில் தடவிக்கொண்டிருந்தார்.

கடிதம் போன பத்தாம் நாள் அத்திம்பேரிடமிருந்து, அதாவது அக்காவின் கணவரிடமிருந்து, பதில் வந்தது. அந்த வீட்டிலிருந்து வருகிற கடிதமெல்லாம் அத்திம்பேர் கையெழுத்துதான். முன்கோபி. ஊரில் உள்ள மூன்றாம் மனுஷர்களுக்கெல்லாம் காரணம் காட்டிக் கடிதம் எழுதுகிற பெரிய மனுஷனுக்குச் சொந்த அக்காவுக்கு ஒரு காரணம் சொல்ல வாய் வரவில்லையா, சம்பந்திகள் முன்னால் நான் என்ன சொல்வேன் என்று கேட்டிருந்தார். என் அகத்துக்காரிக்கு இனிமேல் பிறந்தகம் கிடையாது, உன் வீட்டு வாசலை அவள் மிதிக்க மாட்டாள் என்று முடித்திருந்தார். புடவைப் பார்சலையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவர் அதை மடித்து வைத்துவிட்டு, “அவர் எழுதினதுல தப்பே இல்லை. நான் எழுதின லட்சணத்துக்கு இது குறைச்சல்தான்” என்றார்.

நான் எழுதுகிறேன் உண்மையை, இப்போதே எழுதுகிறேன் என்று காகிதத்தை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கல்யாண வீட்டுல போய் இவ படுத்த படுக்கையா இருக்கான்னு படிக்கணுமா? அக்கா அன்னிக்கு மணையில உக்காருவாளா? குழந்தை பொறந்தா எழுதறேன் ஓய். பொறக்கலேன்னா எழுதறதுக்கு ஒண்ணுமில்லை.”

முகூர்த்தத்தன்று காலையில் ஆபீசுக்குப் போகிற வழியில் தந்தி கொடுத்தார். நானும் கூடப் போனேன். பாரத்தில் எழுதியதை இரண்டு தரம் சரி பார்த்து ஜன்னலுக்குள் நீட்டினார். பிறகு நாள் முழுவதும் சணல் பொதிக் கணக்கில் உட்கார்ந்திருந்தார். இந்நேரம் மாலை மாற்றியிருப்பார்கள் என்று மட்டும் ஒரு தரம் சொன்னார். யார் தூக்கிக்கொண்டார்களோ என்று நான் நினைத்ததை வெளியே சொல்லவில்லை.

ஊரிலிருந்து பதிலே வரவில்லை. ஆனி போய், ஆடி போய், ஆவணியும் போயிற்று. பியூன் சந்தில் நுழைகிற நேரத்துக்கு அவர் மாடி ஜன்னலில் நிற்பார். மன்னி படுத்தபடியே, என்னால்தானே இவருக்கு அக்கா இல்லாமல் போனாள் என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி அழுவாள். அந்த அத்திம்பேரை மனசுக்குள் நான் திட்டாத திட்டு கிடையாது.

துர்க்கா பூஜைக்குப் பந்தல் போட்டு டாக் மேளம் அடிக்கிற சமயத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம். அன்றைக்கே அவர் அக்காவுக்கு எழுதினார், இந்தத் தடவை உறையின் மேலும் அவள் பெயரையே போட்டார். ‘வைகாசியில் எழுத முடியாமல் போன காரணம் இன்று காலை பிறந்திருக்கிறது. முன் இரண்டு தடவை நடந்தது உனக்குத் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. பதினோராம் நாள் புண்ணியாகவாசனம். அத்தை வந்து காப்பிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்’ என்று இருந்தது. வருவாளா என்று என்னைக் கேட்டார். வருவாள் என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று சொல்ல மனசு வராத அந்தப் பழைய வியாதி எனக்குப் போகவே இல்லை.

பத்தாம் நாளும் கடந்தது. பதினோராம் நாள் காலையில் புரோகிதர் வந்துவிட்டார், தொட்டில் கட்டியாயிற்று. அப்போதுதான் பியூன் வந்தான். உறையின் நாலு மூலையிலும் மஞ்சள். மேல்விலாசம் பென்சிலில், கோணல் மாணலாக இருந்தது. அத்திம்பேர் எழுத்து இல்லை. அவர் முதலில் தபால் முத்திரையைத் திருப்பிப் பார்த்தார்.

“கடுதாசி போய்ச் சேர்ந்த அன்னிக்கே பதில் போட்டிருக்கா” என்றார்.

பிரித்து எல்லாரும் கேட்கும்படி படித்தார்.

‘உ. க்ஷேமம். அம்பிக்கும் அவளுக்கும் ஆசீர்வாதம். குழந்தை பிறந்த சேதி பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தைதான் வர வேண்டும் என்று கூப்பிட்டாயே, அது போதும் எனக்கு. என்னால் பிரயாணம் சாத்தியமில்லை அம்பி. அதற்காக நான் படுகிற வருத்தம் எழுதி முடியாது. ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். என் ஸ்தானத்தில் அங்கே அன்பாக இருக்கிறவள் யாராவது நின்று கூப்பிடட்டும். குழந்தை தீர்க்காயுளாக, சகல சௌபாக்கியத்துடன் இருக்க வேண்டும்.’

படித்து முடித்ததும் மறுபடி ஒரு தரம் பார்வையை ஓட்டினார். காரணமே எழுதவில்லை. வைகாசிக்குப் பழி வாங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும் விட்டேன்.

“இல்லை ஓய். அத்திம்பேர் விடலைன்னு எழுத முடியுமா? ஆம்படையானை விட்டுக் கொடுத்து எழுதுவாளா? உடம்பு சரியில்லைன்னு ஒரு பொய் எழுதியிருக்கலாம். எங்கிட்ட அவ பொய் எழுத மாட்டா” என்றார்.

மன்னி உள்ளேயிருந்து, கடிதத்தைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டுக்காரி அம்மாளுக்குத் தமிழ் புரியாது. எங்கள் முகங்களைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டாள். அவர் வங்காளியில் சொன்னார். அப்பாவின் சகோதரியை அவர்கள் பிஷி என்பார்கள். பிஷியால் வர முடியவில்லை, அவள் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும் என்றார். அந்த அம்மாள் போய்க் குளித்துப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். காப்பிட்டாள். தொட்டிலின் மேல் குனிந்து, அவர் தன் காதில் சொன்ன பெயரை, வங்காளி நாக்கில் உருண்டையாக மூன்று தரம் கூப்பிட்டாள். அது அவர் அக்காவின் பெயர்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் மேஜை முன்னால் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனா ஓடவில்லை. அத்தனை காலம் பழகியதில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அன்று ஒரு தடவைதான்.

“வர முடியலைன்னு எத்தனையோ பேருக்கு எழுதியாச்சு. வர முடியலைன்னு வந்த கடுதாசிக்கு என்ன பதில் எழுதறது ஓய்?”

அவர் பிள்ளையார் சுழியை மட்டும் போட்டுவிட்டு, நாலு மூலையிலும் மஞ்சளைத் தடவி வைத்தார்.